எதிர் நாற்காலி

பேச்சுப் பரீட்சையில் எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பேச விடாமல் அடித்தால் அவருடைய மார்க்கும் சேர்ந்து எனக்கு வந்துவிடும் என்று நான் நம்பினேன். நாற்பத்து நான்கு வயது, இருபத்தொரு வருஷ சர்வீஸ், ஐசியூவில் வென்டிலேட்டரை ஒரு கண்ணாலேயே படிக்கிறவன் என்று பெயர். அப்படிப்பட்டவன் இதை நம்பினேன். அறையில் ஒரு கேக் இருக்கிறது, இரண்டு பேர் இருக்கிறோம், வேகமாகச் சாப்பிடுகிறவனுக்கு அதிகம். இதுதான் என் கல்விக் கொள்கை.

அந்த நம்பிக்கைக்குப் பலியானவர் எங்கள் மருத்துவமனையின் டயாலிசிஸ் வார்டு சிஸ்டர். நர்ஸ் உலகத்தில் பெண் என்றால் சிஸ்டர், ஆண் என்றால் பிரதர். அதனால் அவருக்கு நான் பிரதர், எனக்கு அவர் சிஸ்டர். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இங்கேயும் சொல்லப் போவதில்லை. என்னைவிட ஏழு மாதம் மூத்தவர். இந்த ஏழு மாதம் என்ன வேலை செய்தது என்று பிறகு சொல்கிறேன்.

சிஸ்டரிடம் ஒரு குறை உண்டு. 'ஒண்ணும் ஆகாது' என்ற சொல் அவர் வாயில் வராது.

ஒரு மருத்துவமனையில் இது எவ்வளவு பெரிய குறை என்று வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. நாங்களெல்லாம் அந்தச் சொல்லை வைத்துத்தான் சம்பளம் வாங்குகிறோம். நான் ஐசியூவில் ட்யூப் மாட்டிக் கிடப்பவரிடமே 'அடுத்த வாரம் டான்ஸ் ஆடுவீங்க சார்' என்பேன். அவர் கண்ணால் முறைப்பார். எனக்குக் காமெடி பிரதர் என்று பெயர் வைத்திருந்தார்கள். உள்ளே எனக்கு எவ்வளவு பயமோ வெளியே அவ்வளவு ஜோக் வரும். வார்டில் யாராவது போய்விட்ட நாளில் என்னைக் கேன்டீனில் பார்த்தால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும் என்பார்கள். கேட்டவர்களுக்குத்தான்.

சிஸ்டர் வேறு மாதிரி. வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வருகிற ஒரு பெரியவர். அவர் மனைவி ஒவ்வொரு முறையும் கன்னடத்தில், 'ஏனாகல்ல அல்வா சிஸ்டர்?' என்று கேட்பார். ஒன்றும் ஆகாதுதானே என்று அர்த்தம். டாக்டர் ஆகாது என்பார், டெக்னீசியன் ஆகாது என்பார், லிஃப்ட்காரர்கூட ஆகாது என்பார். சிஸ்டர் மட்டும் பெரியவரின் கையில், டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கிற ஃபிஸ்டுலா இருக்கிற இடத்தில் மூன்று விரல் வைத்து, ரத்தம் ஓடும் அதிர்வைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கன்னடத்திலேயே சொல்வார்: இன்றைக்கு அதிர்வு நன்றாக இருக்கிறது. இரண்டு லிட்டர் தண்ணீர் எடுக்க வேண்டும். பிரஷர் நூற்றுப்பத்து, இடையில் குறையலாம், நான் அரை மணிக்கு ஒருமுறை பார்ப்பேன். நாளைக்கு எப்படி என்று எனக்குத் தெரியாது.

அந்த அம்மாள் ஒரு மாதம் சிஸ்டர் மேல் கோபமாக இருந்தார். பிறகு பார்த்தால் வேறு யாரிடமும் கேட்பதில்லை. சிஸ்டர் ட்யூட்டியில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் பெஞ்சில் உட்கார்ந்து தூங்குவார்.

ஊசி போடும்போது நோயாளி 'வலிக்குமா' என்றால், 'வலிக்கும். ஏழு வரைக்கும் எண்ணுங்க' என்பார். எல்லோரும் எண்ணியிருக்கிறார்கள். ஆறிலும் முடியாது, எட்டுக்கும் போகாது.

இந்த நேர்மை என் மேலும் பிரயோகமானது. விசா போட்டோவுக்காக நான் தலைக்கு டை அடித்துக்கொண்டு வந்த நாளில் மொத்த கேன்டீனும், 'பிரதர், சூப்பர், முப்பது வயசு' என்றது. சிஸ்டர் இட்லியைப் பிட்டபடி நிமிர்ந்து பார்த்தார். 'கலர் நல்லா இருக்கு. காது மேலயும் இருக்கு' என்றார். போட்டோவில் இன்றும் என் இடது காது கருப்பு.

விசா என்றேன் அல்லவா. ஜெர்மனிக்கு நர்ஸ் வேலை. அதற்கு ஜெர்மன் மொழியில் பி2 என்ற நிலை வரை பாஸ் செய்ய வேண்டும். எங்கள் இருவருக்கும் ஒரே ஏஜென்ட். ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் வகுப்பு. கூடப் படித்தவர்களுக்கெல்லாம் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. நாங்கள் இருவரும் உள்ளே நுழைந்த முதல் நாள், பிள்ளைகளைச் சேர்க்க வந்தவர்கள் என்று நினைத்து ஆபீஸ் அறைக்கு வழி காட்டினார்கள்.

எனக்கு ஸ்ரீராம்புரத்தில் ஒன்றரை ரூம் வீடு, மனைவி, இரண்டு பையன்கள், அரை ரூமில் அப்பா. போக வேண்டிய காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. சிஸ்டருக்கு ஜீவனஹள்ளி. கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார், மகள் இரண்டாம் பியூசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. ஏன் ஜெர்மனி என்று வகுப்பில் ஒவ்வொருவரையும் கேட்டபோது எல்லோரும் எதிர்காலம், தொழில் வளர்ச்சி என்று மனப்பாடம் சொன்னார்கள். சிஸ்டர் மட்டும், 'பதினெட்டு வருஷமா நின்னுக்கிட்டே வேலை செய்றேன். அங்க உக்காந்து ரிப்போர்ட் எழுத நேரம் குடுப்பாங்களாம். அத ஒருதரம் பாக்கணும்' என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அந்த நாற்காலியை அவர் நிஜமாகவே மனதில் வைத்திருந்தார்.

இந்தப் பரீட்சையைப் பற்றி ஒரு பாரா சகித்துக்கொள்ளுங்கள். வாசிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றும் நூறு மார்க், ஒவ்வொன்றிலும் அறுபது எடுத்தால் பாஸ். நல்லது என்னவென்றால் நான்கும் தனித்தனி. ஒன்றில் போனால் அதை மட்டும் மறுபடி எழுதலாம். கெட்டது, அந்த அறுபது அறுபதுதான். ஐம்பத்தொன்பதுக்கு அங்கே பரிதாபம் கிடையாது.

முதல் தடவை நான் நான்கையும் எழுதினேன். வாசிப்பில் எழுபத்தொன்று, எழுத்தில் அறுபத்திரண்டு. கேட்கும் பகுதியில் சில ஒலிப்பதிவை ஒரே ஒருமுறைதான் போடுவார்கள். நான் முந்தின கேள்வியில் வந்த ஒரு ஆளின் குரலைக் கேட்டு எங்கள் சூப்பிரண்டு ஞாபகம் வந்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தபோது அடுத்தது ஓடி முடிந்துவிட்டது. ஐம்பத்தொன்று. பேசுவதில் நாற்பத்தெட்டு. பிளாஸ்டிக் குப்பை பற்றி ஒரு பேச்சை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். கொடுத்த இரண்டு தலைப்பிலும் பிளாஸ்டிக் இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்வது என்ற தலைப்பை எடுத்து, வீட்டிலும் பிளாஸ்டிக் இருக்கிறது என்று தொடங்கினேன்.

சிஸ்டர் என்னைப் போல ஒரே மூச்சில் விழவில்லை. வாசிப்பு, கேட்பது, எழுத்து மூன்றையும் முதலில் எழுதி மூன்றிலும் பாஸ் செய்தார். பேசுவதை மட்டும் ஜூன் மாதத்துக்கு வைத்துக்கொண்டார். அதே ஜூனில் எனக்கு இரண்டாம் தடவை.

பேசுகிற பரீட்சைக்கு இரண்டு பேராக அனுப்புவார்கள். யாருடன் யார் என்பதை மையம் முடிவு செய்யும். தயாரிப்புக்குப் பதினைந்து நிமிஷம். பிறகு உள்ளே இரண்டு தேர்வாளர்கள். முதலில் ஆளுக்கு நாலு நிமிஷம் ஒரு தலைப்பில் பேச வேண்டும், பேசி முடித்ததும் எதிரில் இருப்பவர் கேள்வி கேட்பார். அடுத்து இருவரும் ஐந்து நிமிஷம் ஒரு விஷயத்தை விவாதிக்க வேண்டும். மார்க் இருவருக்கும் தனித்தனி. இது வகுப்பில் பத்து தடவை சொல்லப்பட்டது. பத்து தடவையும் நான் ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன்.

தயாரிப்பு அறைக்குள் போனபோது எதிர் மேஜையில் சிஸ்டர். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சிஸ்டர் மெதுவாகப் பேசுகிறவர், ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் அது உண்மையா என்று யோசிக்கிறவர். பக்கத்தில் அவர் இருந்தால் நான் ஜொலிப்பேன். கேக் எனக்குத்தான்.

விவாதத் தலைப்பு, வேலை இடத்தில் மொபைலைத் தடை செய்யலாமா என்பது. 'இஷ் பின் டேர் மைனுங்' என்று ஆரம்பித்தேன். என்னுடைய கருத்து என்னவென்றால், என்று பொருள். அந்த ஐந்து நிமிஷத்தில் அதைப் பதினோரு தடவை சொன்னேன். அவ்வளவு கருத்து எனக்கு வாழ்க்கையிலேயே இருந்ததில்லை. சிஸ்டர் மூன்று தடவை வாயைத் திறந்தார். ஒரு தடவை தேர்வாளரே கையை அவர் பக்கம் நீட்டி, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். சிஸ்டர் மூச்சை இழுத்து, டயாலிசிஸ் வார்டில் மொபைல், என்று தொடங்கினார். நல்ல வாக்கியமாக வந்திருக்கும். நான், சரியாகச் சொன்னீர்கள், என்று உள்ளே குதித்து அந்த வாக்கியத்தை நானே முடித்துவிட்டேன்.

வெளியே வந்து படியிறங்கும்போது, எப்படி நம்ம பர்ஃபார்மன்ஸ் என்று கேட்டேன். 'நிறைய பேசுனீங்க' என்றார்.

ரிசல்ட்: எனக்குக் கேட்பதில் அறுபத்து நான்கு, பாஸ். பேசுவதில் ஐம்பத்து நான்கு. சிஸ்டருக்குப் பேசுவதில் ஐம்பத்தெட்டு.

அன்று மதியம் டயாலிசிஸ் வார்டுக்குப் போனேன். ஜோக் ஒன்று தயாராக இருந்தது, சொல்லவில்லை. சிஸ்டர் மெஷினில் ட்யூப்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னால்தானே உங்களுக்குப் போச்சு என்று கேட்டேன். அவர் இல்லை பிரதர், அப்படியெல்லாம் இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

'தெரியாது பிரதர். உங்களாலதான்னு சொல்ல முடியாது. உங்களால இல்லன்னும் சொல்ல முடியாது. நானும் ரெண்டு எடத்துல ஆர்ட்டிகிள் தப்பா சொன்னேன். அந்த ரெண்டு மார்க்கு எங்க போச்சுன்னு பேப்பர்ல எழுதல' என்றார்.

பிறகு கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். 'நாளைலேர்ந்து லஞ்ச் டைம்ல வாங்க. ரெண்டு நாற்காலி எடுத்து வெக்கறேன்.'

அடுத்த தேதிக்கு இணையத்தில்தான் பதிய வேண்டும். சொன்ன நேரத்துக்குப் பக்கம் திறக்கும், சில நிமிஷத்தில் சீட் தீர்ந்துவிடும். ஜூலைத் தேதிக்கு நான் ஐசியூ கம்ப்யூட்டரிலும் அவர் தன் மொபைலிலும் ஒரே நேரத்தில் முயன்றோம். சக்கரம் சுற்றிச் சுற்றி, இடமில்லை என்று இருவருக்கும் வந்தது. அதற்கடுத்தது அக்டோபர். அதற்குப் பக்கம் திறந்த அன்று எனக்குக் கிடைத்தது. அவருக்கும் கிடைத்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. என் சீட் கிடைத்த சந்தோஷத்தில் ஆள் ஆளுக்கு வடை வாங்கிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலையிலிருந்து அக்டோபர் வரை, டயாலிசிஸ் வார்டுக்குப் பின்னால் பெட்டிகள் அடுக்கிய ஸ்டோர் ரூமில், தினமும் இருபத்தைந்து நிமிஷம். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி எதிரெதிரே. நடுவில் கவிழ்த்த ஒரு பெட்டி, அதன் மேல் சிஸ்டரின் மொபைலில் டைமர். முதல் நாலு நிமிஷம் நான் பேச வேண்டும். அவர் ஒரு கேள்வி கேட்பார். பிறகு ஐந்து நிமிஷம் விவாதம். அதில் சிஸ்டர் ஒரு சட்டம் போட்டார்: நான் ஒரு கருத்து சொன்னால் உடனே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவர் பதில் முடிக்கும் வரை அடுத்த வார்த்தை பேசக் கூடாது.

கேட்கச் சுலபம். அவர் வேண்டுமென்றே பாதியில் நிறுத்துவார். நாலு நொடி, ஐந்து நொடி. என் தொடை ஆடும். காலியிடத்தைப் பார்த்தால் ஜோக் சொல்லி நிரப்பு என்று உடம்பு முழுக்கக் கத்தும். வாயைத் திறந்தால் அவர் டைமரை நிறுத்திவிட்டு, 'முதல்லேர்ந்து' என்பார். முதல் வாரம் ஒரு விவாதம்கூட முழுதாக முடியவில்லை. வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி அந்த சிஸ்டரை நேரில் பார்த்துக் கும்பிட வேண்டும் என்றாள். 'பதினாறு வருஷமா என்னால முடியல' என்றாள்.

இவ்வளவு நாள் எதிரே உட்கார்ந்திருந்தேனே, பார்த்ததை எல்லாம் இப்போது அடுக்கிப் பார்க்கிறேன். ஆகஸ்ட் பாதியில் சிஸ்டர் தன் நோட்டைக் கொண்டுவருவதை நிறுத்தினார். அதற்கு முன் அவரும் நாலு நிமிஷம் பேசிப் பார்ப்பார், நான் கேள்வி கேட்பேன். பிறகு, 'இன்னிக்கு உங்களுது மட்டும் செய்யலாம்' என்றார். இன்றைக்கு என்றது தினமும் ஆனது. அவர்தான் தயாராகிவிட்டாரே, எனக்குத்தான் தேவை என்று நான் முடிவு செய்துகொண்டேன். ஏஜென்டின் வாட்ஸப் குழுவில் ஒரு நாள் சிஸ்டரின் எண் வெளியேறியதாக ஒரு வரி வந்தது. புது சிம் வாங்கியிருப்பார். நான் அதற்குக் கீழே கையசைக்கும் பொம்மை ஒன்று போட்டேன். இருபது பேர் சிரித்தார்கள்.

ஒரு நாள் விவாதத்தில், வேலைக்காக ஊரை விட்டுப் போவது நல்லதா என்ற தலைப்பு வந்தது. சட்டப்படி கேள்வி கேட்டேன்: நீங்கள் போவீர்களா? வினைச்சொல் சரியான இடத்தில் விழுந்த சந்தோஷம் எனக்கு. நான் காத்திருந்தேன், டைமரைப் பார்த்தபடி. போக விரும்பினேன், என்று சிஸ்டர் ஜெர்மனில் இறந்த காலத்தில் சொன்னார். காலம் தவறு, நிகழ்காலம் வர வேண்டும் என்று நான் திருத்தினேன். நான். அவரை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தப்பு இல்ல, என்றார். டைமர் அடித்துவிட்டது.

அக்டோபரில் பரீட்சைக்கு முந்தின நாள் காலை, நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது மொபைலில் அந்தச் செய்தி வந்தது. வாய்ஸ் மெசேஜ் இல்லை, தமிழில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியது. இன்னும் வைத்திருக்கிறேன். அப்படியே தருகிறேன்.

'பிரதர், நாளைக்கு நீங்க பாஸ் ஆயிடுவீங்கன்னு எழுதலாம். எல்லாரும் எழுதியிருப்பாங்க. எனக்கு அது தெரியாது, அதனால எழுதல. தெரிஞ்சத எழுதறேன்.

ஜூன்ல உங்களுக்கு அம்பத்து நாலு. இன்னும் ஆறு வேணும். ஆறு பெருசும் இல்ல, சும்மா வர்றதும் இல்ல.

கடைசி இருபது நாள்ல பதினாலு நாள் என்ன முழுசா பேச விட்டீங்க. ஆறு நாள் விடல. அந்த ஆறும் ஐசியூல யாராவது போன நாள். உங்களுக்கு ஜெர்மன் வராததால இல்ல, பயத்தாலதான் வாய் ஓடுது. நாளைக்கும் பயம் வரும். வராதுன்னு சொல்ல மாட்டேன். பயம் வந்தா ஜோக் வரும். ஜோக் வந்தா அது வேண்டாம், ஒரு கேள்வி கேளுங்க. அப்புறம் டைமரப் பாக்காம அவங்க மூஞ்சியப் பாருங்க. எதிர்ல உக்கார்றவங்களுக்கும் கை நடுங்கும்.

ஏன்னா-ன்னு சொல்ற எடத்துல வெர்ப் கடைசில வரணும். மூணுல ஒரு தடவ இன்னும் மறக்கறீங்க. மறந்தா நிறுத்தி திருத்துங்க. நீங்களே திருத்துனா அவ்வளவா கொறைக்க மாட்டாங்கன்னு நெனைக்கறேன். உறுதியா தெரியாது.

மூணாவது தடவ போறது வெக்கம்னு போன வாரம் சொன்னீங்க. டயாலிசிஸ்க்கு வர்றவங்க வாரத்துக்கு மூணு தடவ வர்றாங்க. யாரும் வெக்கப்பட்டு நான் பாத்ததில்ல.

பாஸ் ஆகலன்னா கஷ்டமாத்தான் இருக்கும். நாலாவது தடவ எழுதலாமா வேணாமான்னு நாளைக்கே முடிவு பண்ணாதீங்க. நீங்க நல்ல நர்ஸ். அது இந்தப் பரீட்சைல வராது. நான் பாத்து சொல்றேன்.

எப்படி ஆனாலும் முடிஞ்சதும் போன் பண்ணுங்க.'

பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே இரண்டு தடவை படித்தேன். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சிஸ்டருக்கு நம்பிக்கை போய்விட்டது. நான் தேற மாட்டேன், அதை மென்மையாகச் சொல்கிறார். உறுதியாத் தெரியாது, பாஸ் ஆகலன்னா, நாலாவது தடவை. ஒரு பரீட்சைக்கு வாழ்த்து இப்படியா இருக்கும்? நுரையோடு போய் மனைவியிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, 'இதுல எது பொய்?' என்று கேட்டாள். வாய் கொப்பளிக்கப் போனேன். சிஸ்டருக்கு, பாக்ஸிங் கையுறை போட்ட குரங்கு படம் ஒன்றை அனுப்பினேன். அவ்வளவுதான் என் நன்றி.

மறுநாள் தயாரிப்பு அறையில் எனக்கு எதிரே கோட்டயத்துப் பெண் ஒருத்தி. இருபத்து மூன்று வயது இருக்கும். பென்சிலைப் பிடிக்க முடியாமல் விரல் நடுங்கியது. என் பையனைவிட எட்டு வயதுதான் அதிகம்.

நாலு நிமிஷப் பேச்சு எப்படியோ போனது. இரண்டு இடத்தில் வினைச்சொல்லை மறந்தேன், ஒரு இடத்தில் நின்று திருத்தினேன். அடுத்து விவாதம்: முதியோர் இல்லங்களில் மாணவர்கள் கட்டாயமாகச் சிறிது காலம் வேலை செய்ய வேண்டுமா? என்னுடைய கருத்து என்னவென்றால், என்று தொடங்கி இரண்டு வாக்கியம் சொன்னேன். அந்தப் பெண் தலையாட்டினாள். அறை அமைதியாக இருந்தது. ஒரு அருமையான ஜோக், ஜெர்மனிலேயே, எங்கள் அப்பாவையும் டிவி ரிமோட்டையும் வைத்து. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

நீங்கள் அப்படி எங்காவது வேலை செய்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

அவள் பேசவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. தேர்வாளர் பேனாவைத் தூக்கினார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நான்கு, ஐந்து. சிஸ்டர் ஊசி போடும்போது எண்ணச் சொல்வது ஞாபகம் வந்தது. ஆறு. அவள் தன் அம்மாவின் அம்மாவைக் கடைசி ஒரு வருஷம் குளிப்பாட்டியது பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். தப்பும் சரியுமாக, ஆனால் நிற்காமல். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பரீட்சை என்பதே ஒரு நிமிஷம் மறந்துவிட்டது. அவள் முடித்த பிறகு எனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது, சொன்னேன். இன்னொரு கேள்வி கேட்டேன். மணியைப் பார்த்து அவர்களே நிறுத்தினார்கள்.

கீழே இறங்கி, எதிர்ப் பக்கம் டீக்கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு சிஸ்டருக்குப் போன் செய்தேன். பின்னால் மெஷின் அலாரம் கேட்டது. நடந்ததை எல்லாம் சொன்னேன். ஆறு வரை எண்ணியதைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். 'நல்லா செஞ்சிருக்கீங்க. மார்க்கு எவ்வளவுன்னு தெரியாது' என்றார்.

வைக்கப்போகிற நேரம். நான்கு மாதம் பழக்கினால் நாய்க்குட்டிகூட உட்காரும். எனக்குத் தானாகவே அடுத்த கேள்வி வந்தது.

'உங்க தேதி எப்போ சிஸ்டர்?'

நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அலாரம் நின்றது.

'எனக்குத் தேதி இல்ல பிரதர். செப்டம்பர் ஒம்போதோட எனக்கு நாப்பத்தஞ்சு முடிஞ்சிடுச்சு. நாப்பத்தஞ்சு தாண்டுனா சம்பளம் இவ்வளவுக்கு மேல இருக்கணும், இல்ல பென்ஷன் காட்டணும்னு அந்த ஊர் சட்டம். நம்ம ஏஜென்ட் அந்தக் கேஸ் எடுக்கறதில்ல. ஜூலைல சீட் கெடச்சிருந்தா ஓடியிருக்கும். ஆகஸ்ட்லயே ஃபைல கையில குடுத்துட்டாரு.'

நோட்டு, வாட்ஸப் குழு, இறந்த காலம், எங்களுக்கு நடுவில் இருந்த அந்த ஏழு மாத வித்தியாசம் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

'நீங்க கேக்கல' என்றார். குரலில் குற்றச்சாட்டு கிடையாது. ட்யூட்டி மாற்றும்போது ரிப்போர்ட் சொல்வோமே, அந்தக் குரல்.

'அப்புறம் எதுக்கு சிஸ்டர் தினமும் வந்து உக்காந்தீங்க?'

'ரெண்டு பேர் இருந்தாத்தான அந்தப் பரீட்சைய பழக முடியும்' என்றார். 'இருங்க, அஞ்சாம் நம்பர் மெஷின் கூப்புடுது.'

மூன்று வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. எனக்கு அறுபத்தேழு. சிஸ்டர் அந்தப் பரீட்சையை மறுபடி எழுதவில்லை.